கொடியில் தொங்கிய நைட்டி

அது என்னுடைய நைட்டி. அதை அங்கே தொங்கவிட்டது நான் இல்லை.

முன்கட்டு ஜன்னலிலிருந்து சுவர் ஆணிவரை இழுத்துக் கட்டியிருந்த கொடியைப் பார்த்தபடி அவள் இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஊதாப் பூப்போட்ட நைட்டி, கழுத்தில் ஒரு பொத்தான் இல்லாதது. நேற்று இரவு அதைத் தேடிக் கிடைக்காமல்தான் கணவனின் பழைய டி ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு படுத்தாள். பக்கத்தில் அவனுடைய லுங்கி, ஒரு துண்டு. மூன்றும் காய்ந்து மொடமொடவென்று இருந்தன. துவைத்தது மாதிரி காட்ட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் உட்காருபவள். வலியோடு வருகிறவர்களுக்கு இடம் சொல்லி, வலி போனவர்களுக்கு ரசீது போட்டு, பகல் முழுக்க மற்றவர்களின் வாயைப் பார்த்துப் பழகியவள். தன் வாயைத் திறக்கும் பழக்கம் அவ்வளவாக இல்லை. "பத்து மணிக்கு வந்துரு, இன்சூரன்ஸ் சர்வேயர் வர்றார், நீ இருந்தாத்தான் நல்லா இருக்கும்" என்று கணவன் போன் செய்ததும் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தாள்.

அவள் இருந்தால் ஏன் நல்லா இருக்கும் என்று இப்போது புரிந்தது.

முன்னறையில் ஒரு மடக்குக் கட்டில் விரித்திருந்தது. தலையணை இரண்டு. கட்டிலடியில் அவளுடைய செருப்பு. சுவரோரப் பலகையில் ஒற்றை அடுப்பு, ஒரு பால் பாத்திரம், இரண்டு தம்ளர்கள். நாத்தனார் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கைகழுவும் தொட்டியின் விளிம்பில் ஒரு குவளையை வைத்து அதில் இரண்டு டூத்பிரஷ்களைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்கு மேலே குழாய் இருக்க வேண்டிய இடத்தில் சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. குழாயைத்தான் திருடன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டானே.

"அண்ணி, பிரஷ் வச்சிருக்கீங்க. தண்ணி எங்கேருந்து வரும்?" என்றாள் அவள்.

நாத்தனார் ஒரு கணம் ஓட்டையைப் பார்த்தாள். "வாளியில பிடிச்சு வச்சுக்குவீங்க. இதெல்லாம் அவர் ஏன் கேக்கப் போறார்?"

"டாய்லெட் எங்கன்னு கேட்டா?"

நாத்தனார் ஒரு பிரஷை எடுத்துத் திருப்பி வைத்தாள். கழிப்பறைக் கோப்பை இன்னும் பெட்டியை விட்டே வெளியே வரவில்லை. பெட்டியோடு பின்கட்டில் நனைந்து கிடந்தது.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று யோசித்தால் அவளுக்குத் தலை சுற்றும். அவர்களுடையது பழைய வீடு, ஒரே தளம். பின்பக்கத்தை இடித்து அடுக்களையைப் பெரிதாக்கி, மேலே இரண்டு அறை எடுக்கலாம் என்று முடிவானபோது கட்டுமான கான்ட்ராக்டர் மூன்று மாதம் போதும் என்றார். அவரை அந்த வீட்டில் எல்லோரும் "நாளைக்கு" என்றுதான் சொல்வார்கள். ஜன்னல் எப்போ வரும், நாளைக்கு. எலக்ட்ரீஷியன் எப்போ வருவார், நாளைக்கு. அவருடைய உண்மையான பெயரை அவளே மறந்து விட்டாள். ஒரு தடவை போனில் "நாளைக்கு இருக்காரா?" என்று கேட்டு அவருடைய மனைவியிடம் மாட்டிக்கொண்டாள்.

வேலை ஆரம்பித்ததும் நாத்தனார் வீட்டுப் பின்னறைக்குக் குடிபோனார்கள். மூன்று மாதத்துக்கென்று போனது, இப்போது எட்டாவது மாதம். நாத்தனார் கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அவளுடைய துணி சூட்கேசுக்குள்ளேயே இருந்தது. பிரஷைக்கூட குளியலறையில் வைக்காமல் பைக்குள் வைத்து எடுத்து வந்தாள், எடுத்துப் போனாள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வைக்கச் சொல்லவும் இல்லை.

அவள் உண்மையில் தூங்கி எழுகிற வீட்டில் அவள் இருப்பதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. எட்டு மாதமாக ஒரு இரவும் தங்காத இந்த வீட்டில் பிரஷ் என்ன, நைட்டி என்ன, செருப்பு என்ன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுதுவிடுவோம் என்று தோன்றியதால் சிரிக்கவில்லை.

"அந்தத் தலையணையைக் கொஞ்சம் கசக்கி விடு. படுத்த மாதிரி இருக்கட்டும்" என்றாள் நாத்தனார்.

அவள் கசக்கவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

அங்கே அவளுடைய புது அடுக்களை அலமாரிகள் தண்ணீர் குடித்து ஊதிப்போய் நின்றன. கதவுகள் வாய் கோணி, ஒன்றுகூட மூடவில்லை. அவளே நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்த அலமாரிகள். கான்ட்ராக்டரிடம் மன்றாடி, மற்ற வேலை முடியுமுன்பே பொருத்தச் சொன்னதும் அவள்தான். அடுக்களை தயாராகி விட்டால் குடிவந்து விடலாம், பின்னறையை விட்டுவிடலாம் என்ற அவசரம். சுவருக்குள் புதைத்திருந்த செம்புக் குழாய்களுக்காகத் திருடர்கள் சுவரைக் கொத்தியிருந்தார்கள். கொத்தியவர்கள் மெயின் வால்வை மூடிவிட்டுப் போகும் அளவுக்கு நல்லவர்கள் இல்லை. இரவெல்லாம் தண்ணீர் ஓடியிருக்கிறது. விடிந்து எதிர்வீட்டுக்காரர் வாசலில் வெள்ளம் ஓடுவதைப் பார்த்துப் போன் செய்தபோது முன்னறையின் மரத்தரைகூட வளைந்து எழும்பியிருந்தது. பெட்டி பிரிக்காத வாட்டர் ஹீட்டரும், சுவரில் சாய்த்து வைத்திருந்த அலுமினிய ஜன்னல் சட்டங்களும் போன இடம் தெரியவில்லை.

"இன்சூரன்ஸ் இருக்குல்ல, பயப்படாதே" என்றான் கணவன் அன்று காலையில், கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு. அவன் பயப்படாததைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

ஏனென்றால் அவள் கேட்டிருந்தாள். கடப்பாரை முதல் சுவரில் விழுவதற்கு முன்பே கேட்டிருந்தாள். மருத்துவமனையில் காத்திருந்த ஒருத்தி தன் வீட்டு வேலையைப் பற்றிப் பேசும்போது, "வேலை நடக்குறப்போ வீட்டுப் பாலிசி செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, தனியா ஒண்ணு எடுத்தோம்" என்று சொன்னாள். அன்று சாயங்காலமே அவள் நாத்தனாரின் கணவரிடம் கேட்டாள். குடும்பத்தில் இன்சூரன்ஸ் என்றால் அவர்தான். பாதி ஊருக்கு ஆயுள் பாலிசியும் வண்டிப் பாலிசியும் போட்டவர். பெரியவர்கள் அவரை "பாலிசி" என்றே கூப்பிட்டார்கள், அவரும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வீடு கட்டும்போது வேற இன்சூரன்ஸ் எடுக்கணுமாமே?"

"யாரும்மா சொன்னது? பல் பிடுங்க வந்தவங்களா?" பாலிசி சிரித்தார். "வீடு அதே வீடுதானே. கொஞ்சம் பெருசாகுது, அவ்ளோதான். இந்த வருஷம் புதுப்பிக்கும்போது தொகையைக் கூட்டிப் போட்டுட்டா முடிஞ்சுது கதை. உடம்பு பெருத்தா சட்டையைப் பெருசா தைக்கிற மாதிரி."

"கம்பெனில கேட்டுப் பாக்கலாமே."

"கேட்டா பிரீமியத்தை ஏத்துவான். வேலில போற ஓணானை நீயே எடுத்து மடியில விட்டுக்குவியா?"

கணவனும் சேர்ந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். அதுதான் இன்றுவரை அவளுக்கு ஆறவில்லை. மற்றவர்கள் சிரித்ததை விட, தானும் சேர்ந்து சிரித்தது.

கான்ட்ராக்டரிடமும் கேட்டாள். "நம்மகிட்ட இன்சூரன்ஸ் இருக்கு மேடம், ஃபுல்லா" என்றார் அவர், இரண்டு கையையும் விரித்து. இருந்தது உண்மைதான். வேலையாளுக்கு அடிபட்டால், தெருவில் போகிறவர் தலையில் செங்கல் விழுந்தால், அதற்கு இருந்தது. அவளுடைய சுவருக்கும் அலமாரிக்கும் இல்லை. எதற்கு என்று அவள் கேட்கவில்லை, எதற்கு என்று அவர் சொல்லவும் இல்லை. அவர் இவர்களுடைய பாலிசியை நம்பிக்கொண்டிருந்தார். இவர்கள் அவருடையதை நம்பிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வீடு அம்போவென்று நின்றது.

புதுப்பிக்கும் நாளன்று கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள், வீட்டில் குடியிருக்கிறீர்களா, ஏதாவது மாற்றம் உண்டா என்று. "இருக்கோம், மாற்றம் ஒண்ணுமில்ல, தொகையை மட்டும் கூட்டுங்க" என்றான் கணவன். நாத்தனார் வீட்டுப் பின்னறையில், சூட்கேஸ் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

திருட்டுக்கு மறுநாள் பாலிசி தன் கிளை அலுவலகத்துக்குப் போய்விட்டு முகம் தொங்கி வந்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வேற ஒண்ணு இருக்காம். கட்டுமானப் பாலிசின்னு" என்றார்.

"நான் சொன்னேனே அண்ணா."

"சொன்னே, சொன்னே. அதையே சொல்லிக் காட்டாத." பிறகு தானாகவே விளக்கினார். முதல் தடவையாக அவர் குரலில் பட்டம் இல்லை. "வீட்டுப் பாலிசி, ஆள் குடியிருக்கிற, முடிஞ்ச வீட்டுக்குத்தான். ஆள் இருந்தா குழாய் உடைஞ்சா உடனே பாப்பான், மூடுவான். திருடனும் யோசிப்பான். அந்தக் கணக்குலதான் பிரீமியம் போடுறானாம். ஒரு மாசத்துக்கு மேல யாரும் குடியிருக்கலேன்னா நம்ம பாலிசில திருட்டும் கிடையாது, தண்ணி நஷ்டமும் கிடையாது. வேலைக்குன்னு கொண்டுவந்து வச்ச சாமான், பொருத்தாதது, அது வீடே இல்லியாம்."

"தொகையைக் கூட்டினோமே, மச்சான்?" என்றான் கணவன்.

"எதுக்கெல்லாம் தருவான்ங்கிறது மாறலியே. தர்றப்போ எவ்ளோங்கிறதுதான் கூடுது." தம்ளர் ஒரு சுற்று சுற்றியது. "அந்தக் கட்டுமானப் பாலிசி வேற மாதிரி. பாதி கட்டின சுவரு, இறக்கி வச்ச சாமான், பொருத்தினது, பொருத்தாதது, எல்லாத்துக்கும். முடிஞ்சா வீடு எவ்ளோ பெறுமோ அந்தத் தொகைக்கு எடுக்கணும். நம்ம பேரும் கான்ட்ராக்டர் பேரும் ரெண்டும் போடணும். பழைய கட்டடமும் அதுல சேரணும்னா அதைத் தனியா சொல்லிச் சேக்கணும். வேலை முடிஞ்சு குடிபோற அன்னிக்கு அது தீந்துடும், அப்புறம்தான் வீட்டுப் பாலிசி."

"மேஸ்திரி சரியா கட்டலேன்னா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"மோசமா கட்டினதைத் திருப்பிக் கட்ட அதுவும் தராது. அது மேஸ்திரி தலையெழுத்து."

"இப்ப எடுக்க முடியாதா?"

அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "யானை வாங்கினப்போ அங்குசத்துக்கு அழுதோம். இப்ப யானை மிதிச்சப்புறம் அங்குசம் கேட்டா எவன் குடுப்பான்?"

நல்ல பழமொழிதான், அழுதது யார் என்பதைத்தான் சொல்லாமல் விட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மேஜையில் பேசியபோது அவள் அங்கே இல்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவள் இல்லாத அந்த அரை மணி நேரத்தில் அவள் எங்கே குடியிருக்கிறாள் என்று மூன்று பேர் முடிவு செய்திருந்தார்கள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. வந்தது சர்வேயர் இல்லை, கணவனும் பாலிசியும். கணவன் நேராகப் பின்கட்டுக்கு வந்தான். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"பாத்தியா, எல்லாம் செட் பண்ணியாச்சு. ஒண்ணுமில்ல, ரொம்ப சிம்பிள். பின்னாடி வேலை நடந்துது, முன்னாடி ரூம்ல நாம இருந்தோம். எத்தனையோ பேரு அப்படித்தான் இருக்காங்க. அன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் அக்கா வீட்டுக்குப் போயிட்டோம்."

"நாம இருந்தோம்னா நீங்களே சொல்லுங்களேன். நான் எதுக்கு?"

"பாலிசி ரெண்டு பேர் பேருலயும் இருக்கு. நானும் அன்னிக்குப் போன்ல 'இருக்கோம்'னு சொல்லிட்டேன், நானே திருப்பிச் சொன்னா ஒரு மாதிரி இருக்கும். நீ சொன்னா நம்புவாங்க. உன் மூஞ்சி அப்படி."

இருபது வருடத்தில் அவன் அவள் முகத்தைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை இது ஒன்றுதான். அதுவும் இதற்கு.

"எதிர்வீட்டுக்காரர்கிட்ட கேட்டா? நாம இங்க இல்லேன்னு அவருக்குத் தெரியுமே."

"சர்வேயர் எதுக்கு அவர்கிட்டப் போய்க் கேக்கப் போறார்?"

"தொட்டில குழாய் இல்ல. கரண்ட்டு இன்னும் முன்னறைக்குக் குடுக்கல. எட்டு மாசம் எதுல குளிச்சேன்னு சொல்றது?"

"எல்லாத்துக்கும் ஒரு குறுக்குக் கேள்வி." அவன் குரல் உயர்ந்து, பின்னால் பாலிசி நிற்பதை நினைத்துத் தாழ்ந்தது. "ஜன்னலும் ஹீட்டரும் போனது போகட்டும், அதைக் கேக்கல. தண்ணி நஷ்டமாவது வந்தாத்தான் வேலை நகரும். வரலேன்னா என்ன ஆகும் தெரியுமா? வேலை அப்படியே நிக்கும். நாம அக்கா வீட்டுப் பின்னாடி ரூம்லயே கிடக்கணும். இன்னும் ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ. அதுக்கு நீ ரெடியா?"

அது சரியான இடத்தில் விழுந்தது. அவன் வேண்டுமென்று எறியவில்லை, ஆனாலும் விழுந்தது. அந்தப் பின்னறையிலிருந்து வெளியே வருவதைத் தவிர அவளுக்கு இந்த எட்டு மாதமாக வேறு ஆசையே இல்லை. ராத்திரி கண்ணை மூடினால் அவள் இந்த அலமாரிகளைத்தான் திறந்து மூடினாள். எந்தத் தட்டில் பருப்பு, எந்தத் தட்டில் டப்பா என்றுகூட முடிவு செய்திருந்தாள். ஒரு தலையாட்டல். அவ்வளவுதான் கேட்கிறார்கள். தலையை ஆட்டினால் வீடு.

பாலிசி கிட்டே வந்து மெதுவாகப் பேசினார். "அம்மா, நான் சொன்னதைக் கேட்டுத்தான் இப்படி ஆச்சு. ஒத்துக்கிறேன். இந்த ஒரு வார்த்தையை நீ சொல்லிட்டா என் தலையும் தப்பும். இவன் என்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டான் இல்லேன்னா."

"பொய்னு தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க அண்ணா?"

அவர் ஊதிய அலமாரிக் கதவை ஒரு விரலால் தள்ளினார். "மொத்த பாலிசியையும் ரத்து பண்ணலாம்" என்றார். "ஆனா தெரியாது."

"முழுப் பூசணிக்காயை மறைக்க நான் ஒருத்திதான் சோறா?"

நாத்தனார் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கணவன் அக்காவை முறைத்தான்.

வாசலில் மறுபடி வண்டிச் சத்தம் கேட்டது. இந்த முறை வந்தது சர்வேயர்தான். நடுவயது, தோளில் பை, காலில் சேறு பட்டால் கவலைப்படாத செருப்பு. வாசலில் நின்று வீட்டை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். மேல்தளத்தின் பாதிச் சுவரை, கம்பிகளை, ஜன்னல் இல்லாத ஓட்டைகளை. பிறகு உள்ளே வந்து கொடியைப் பார்த்தார். நைட்டியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்ததாக அவளுக்குப் பட்டது. யாரோ தன்னைத் துணியில்லாமல் பார்ப்பது மாதிரி இருந்தது.

அவர் அதிகம் பேசவில்லை. சுவர்க் கொத்தல்களைப் படம் எடுத்தார். மரத்தரையைக் குனிந்து தட்டினார். அலமாரிக் கதவு ஒன்றைத் திறந்து, அது திரும்ப மூடாததைப் பார்த்து, "நல்ல மரம்" என்றார். அவள் அந்தக் கதவை ஒரு தடவை மூடிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து யாரும் இதுவரை அந்த அலமாரிக்காகத் துக்கம் கேட்கவில்லை.

"கட்டுமானப் பாலிசி ஏதும் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார், இருந்த வீட்டுப் பாலிசியவே பெருசு பண்ணிட்டோம்" என்றான் கணவன்.

"நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க." அதில் குற்றச்சாட்டு இல்லை, அலுப்பு இருந்தது. "அப்போ யாராவது இங்கே குடியிருந்தாங்களாங்கிறதுதான் முக்கியம். அதை நான் எழுதிக் குடுக்கணும்."

"இருந்தாங்க சார். முன்னறையில. இவங்க வெளியே கிளம்பினா ராத்திரிதான் வருவாங்க, அதனால பெரும்பாலும் அக்கம்பக்கம் பாத்திருக்க மாட்டாங்க" என்று பாலிசி முந்திக்கொண்டார்.

சர்வேயர் அவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேடம். நீங்க இங்கதான் தங்கியிருந்தீங்களா?"

கணவன் அவளுக்குப் பின்னால் நின்றான். அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. நாத்தனார் பால் பாத்திரத்தின் மூடியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் தன்னிடம் கேட்பார்கள் என்று எட்டு மாதமாகக் காத்திருந்த மாதிரி இருந்தது. நீ எங்கே இருக்கிறாய்? அதற்கு வேறு யாரும் பதில் தயாரித்துத் தரும்படி விட அவளால் முடியவில்லை. நல்லது கெட்டது என்பதெல்லாம் பிறகு. தான் இருந்த இடத்தைத் தானே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அவள் கொடிக்குப் போனாள். கிளிப்புகளை எடுத்து நைட்டியை இறக்கினாள். முதலில் நீளவாக்கில், பிறகு கைகளை உள்ளே மடித்து, சூட்கேசில் வைக்கிற அளவுக்குச் சின்னதாக மடித்தாள். தொட்டி விளிம்பிலிருந்து தன் பிரஷை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"ஏய்" என்றான் கணவன், மிக மெல்ல. "சும்மா தலையை ஆட்டு. போதும்."

"மாட்டேங்க" என்றாள் அவள். பிறகு சர்வேயரின் பக்கம் திரும்பினாள். "இல்ல சார். நாங்க யாரும் இங்கே இருக்கல."